ப்ளீச் தெறித்த கருநீலச் சட்டை: இனி என்ன செய்யலாம்?

"அக்கா தன் கையால் தைத்துக் கொடுத்த கருநீலப் பருத்திச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டே குளியலறையைக் கழுவினேன். ப்ளீச் தெறித்து, சட்டைப் பைக்குக் கொஞ்சம் கீழே பட்டன் அளவில் ஐந்து பொட்டுகள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. அப்போதே தண்ணீரில் அலசினேன். மறுநாள் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், மாறவில்லை. அடுத்து வினிகரில் ஊறவைக்கலாம் என்றிருக்கிறேன். நல்ல சாயமாக இருந்தால் இப்படிப் போயிருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? இல்லை, கருநீலச் சாயம் வாங்கிப் பொட்டுகளின் மேல் மட்டும் தடவினால் போதுமா? சட்டை தைத்த துணியில் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை."
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

வினிகர் பாட்டிலை முதலில் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். ப்ளீச் ஈரம் மிச்சமுள்ள துணியில் வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், மூச்சை அடைக்கும். உங்கள் சட்டை அலசிக் காய்ந்துவிட்டதால் ஆபத்து இப்போது குறைவுதான். ஆனால் அடுத்த முறை ப்ளீச் தெறித்தவுடன் பதறிப்போய் வினிகரை ஊற்றிவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். அப்படி ஊற்றினாலும் நிறம் வரப்போவதில்லை. உப்பாலும் வராது. ஏன் வராது என்று தெரிந்துகொண்டால், எதைச் செய்தால் பலன் உண்டு என்பது தானாக விளங்கும்.

நிறம் எங்கே போனது?

சாயம் துணியை விட்டுக் கழன்று தண்ணீரோடு போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் 'சாயத்தைப் பிடித்து நிறுத்தும்' என்று உப்பையும் வினிகரையும் தேடுகிறார்கள். சாயம் கழன்று போகும் துணியும் உண்டு. அதை அலசினால் தண்ணீர் நீலமாக ஓடும். உங்கள் சட்டையில் நடந்தது அது இல்லை. ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் சாயத்தைக் கழற்றுவதில்லை, உடைத்துவிடுகிறது.

இன்றைய துணிச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு பிணைப்பு உண்டு. அசோ பிணைப்பு என்பார்கள். சாய மூலக்கூறின் இரு பக்கங்களையும் இணைத்து, ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி, நமக்கு நீலமாகவோ சிவப்பாகவோ தெரியவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ப்ளீச் தாக்கும்போது அந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. உடைந்த துண்டுகள் பாதி துணியிலேயே இருந்தாலும் அவற்றுக்கு நிறமில்லை. அவற்றை மறுபடி கோத்து முழுச் சாயமாக்கும் பொருள் எந்த வீட்டிலும் இல்லை, எந்தச் சாயப்பட்டறையிலும் இல்லை.

'நல்ல சாயமாக இருந்தால் போயிருக்காது' என்ற பேச்சையும் இங்கேயே சரிசெய்துவிடுகிறேன். பருத்திக்கு இப்போது அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த வகைச் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் எளிதில் கழலாது. ஆனால் ப்ளீச் அந்தப் பிடியை அவிழ்க்க வருவதில்லை. நிறம் தரும் பகுதியை நேராகப் போய் உடைக்கிறது. சாயம் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தாலும் அது நடக்கும். உங்கள் அக்கா எடுத்த துணியில் குறையில்லை.

அப்படியானால் பொட்டு ஏன் வெள்ளையாகாமல் ஆரஞ்சாக நிற்கிறது? கருநீலம், கறுப்பு போன்ற ஆழ்ந்த நிறங்கள் ஒற்றைச் சாயத்தால் வருவது அபூர்வம். நீலத்தோடு கொஞ்சம் ஆரஞ்சும் சிவப்பும் சேர்த்துத்தான் அந்தக் கருமையைக் கொண்டுவருவோம். ப்ளீச்சுக்கு எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் பணிவதில்லை. நீலம் முதலில் உடைந்துவிட்டது, மற்றது தாக்குப்பிடித்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் ஆரஞ்சு புதிதாக வந்த கறை அல்ல. சட்டைக்குள் நீலத்துக்குப் பின்னால் முதல் நாளிலிருந்தே ஒளிந்திருந்த நிறம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாயத்தைத் தடவுவது என்பதை முடிவுசெய்யப்போவது இதுதான்.

சாயத்தைத் தொடும் முன் இரண்டு வேலைகள்

முதல் வேலை, மிச்சமிருக்கும் ப்ளீச்சை அடக்குவது. அலசிய பிறகும் நூலுக்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். அதன் மேல் புதுச் சாயம் போட்டால் அதையும் தின்றுவிடும். மருந்துக் கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, சட்டையைப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். அந்த அளவில் அது ரியாக்டிவ் சாயத்தை ஒன்றும் செய்யாது. பழைய புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொல்லும் சோடியம் தயோசல்ஃபேட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஒரு பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், இரண்டையும் கலக்காதீர்கள்.

இரண்டாவது வேலை, துணியில் வலு இருக்கிறதா என்று பார்ப்பது. ப்ளீச் சாயத்தோடு நிற்பதில்லை, பருத்தி நாரையும் அரிக்கிறது. இதைப் பலர் சோதிப்பதே இல்லை. சிரமப்பட்டுச் சாயம் போட்டு, நிறமும் அழகாகப் பொருந்தி, நாலாவது சலவையில் அந்த இடத்திலேயே ஓட்டை விழுந்த துணிகளை நான் பார்த்திருக்கிறேன். பொட்டுக்கு இருபுறமும் கட்டைவிரல்களை வைத்து, நெட்டு வாக்கிலும் குறுக்கு வாக்கிலும் மெதுவாக இழுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சுற்றியுள்ள நெசவைவிடப் பொட்டு மட்டும் மெலிந்து தெரிந்தாலோ, பஞ்சு பிரிந்தாற்போல் இருந்தாலோ, இழுக்கும்போது நூல் 'பொட்' என்று விட்டுப்போனாலோ, அந்த இடத்துக்குச் சாயம் வேண்டாம். கடைசியில் சொல்லும் தையல் வழிக்குப் போய்விடுங்கள்.

மிச்சத் துணியிலிருந்து நாலைந்து நூலை உருவித் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்தியும் பார்த்துவிடுங்கள். காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் தூளாகும் சாம்பல் மிஞ்சினால் பருத்தி. நுனி உருகிக் கடினமான மணிபோல் உறைந்தால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. பருத்திச் சாயத்தைப் பாலியஸ்டர் ஏற்காது.

பொட்டில் மட்டும் சாயம் தடவுவது

அதே கருநீலத்தைத் தடவினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். போதாது. பெரும்பாலும் கெடுத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறைச் செய்தேன். ஆரஞ்சுப் பொட்டில் கருநீலத்தை வைத்தேன். காய்ந்ததும் அங்கே பழுப்பேறிய ஒரு கருந்திட்டு நின்றது. ஆரஞ்சு துணியில் ஏற்கெனவே இருக்கிறது. கருநீலச் சாயப் பொடிக்குள்ளும் ஆரஞ்சு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அது மிகுந்துபோனது. அந்த இடத்தில் இல்லாமல் போனது நீலம். அங்கே போக வேண்டியதும் நீலம்தான்.

ஒரு பொட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வளையம் தெரியும். நடுவில் ப்ளீச் துளி நேராக விழுந்த இடம் வெளுத்து வெண்மஞ்சளாக இருக்கும். அதைச் சுற்றி ஆரஞ்சு. வெளி விளிம்பில் நீலம் கொஞ்சம் மங்கி ஊதா கலந்தாற்போல் ஒரு மெல்லிய வளையம். நடுவில் எல்லாச் சாயமும் போய்விட்டதால் அதற்குக் கருநீலமே பொருந்தும். ஆரஞ்சு வளையத்துக்குத் தெளிந்த நீலம். வெளி விளிம்பைத் தொடவே கூடாது. பக்கத்திலிருந்து ஊறி வருவதே அதற்குப் போதும்.

சாதாரணத் தண்ணீரிலேயே பிடிக்கும் ரியாக்டிவ் சாயம் வாங்குங்கள். குளிர்ந்த என்ற பொருளில் 'கோல்ட் பிராண்ட்' என்று கேட்டால் தருவார்கள். நீலத்தில் ஒரு கிராம், கருநீலத்தில் ஒரு கிராம் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, ஒவ்வொன்றையும் 50 மில்லி தண்ணீரில் கரையுங்கள். அப்படியே தடவினால் நூல் வழியே ஓடிவிடும். சாயம் ஓடாமலிருக்கச் சோடியம் ஆல்ஜினேட் என்ற பசைப்பொடியைச் சிறிது தூவிக் கலக்கித் தேன் பதத்துக்குக் கொண்டுவருங்கள். தடவுவதற்குச் சற்று முன்னால் மட்டும் கிண்ணத்துக்கு ஒரு கிராம் சலவை சோடா சேருங்கள். சோடா சேர்ந்த நொடியிலிருந்து சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகத் தொடங்கும், ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். சமையல் சோடா இதற்கு உதவாது.

இதைச் சட்டையில் தொடங்காதீர்கள். உங்களிடம் ஒரு முழம் மிச்சத் துணி இருக்கிறதே, அதை நான் புதையல் என்றே சொல்வேன். அதில் அதே ப்ளீச்சை ஏழெட்டுத் துளி விடுங்கள். சட்டையில் உள்ள ஆரஞ்சு வந்ததும் அலசி, முன்பு சொன்னபடி ப்ளீச்சை அடக்கி, காயவையுங்கள். இப்போது பழகிப் பார்க்க ஏழெட்டுப் பொட்டுகள் கிடைத்துவிட்டன. மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து வெளியே வாருங்கள். ஆரஞ்சின் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், மீதியைச் சாயம் தானே ஊறி நிரப்பும். விளிம்பைத் தாண்டிவிட்டால் நல்ல துணியின் மேல் இன்னொரு பூச்சு ஏறி, பொட்டைச் சுற்றிக் கறுத்த வளையம் விழும். அதை எடுக்க வழியில்லை.

தடவிய இடம் காயக் கூடாது. பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் முழுக்க ஈரமாக வைத்திருங்கள். ஈரம் இருக்கும்வரைதான் சாயம் நூலோடு பிணையும். மறுநாள் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிறகு சூடான சோப்புத் தண்ணீரில் நிறம் வெளிவருவது நிற்கும்வரை அலசுங்கள். ஈரத்துணியில் எந்த நிறமும் ஒரு படி ஆழமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் இன்னொரு முறை தடவலாம். கறுத்துப்போனால் திரும்ப வழியில்லை. அதனால் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தொடங்குங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: மிச்சத் துணி துவைக்காதது, சட்டை பலமுறை துவைத்தது. மிச்சத் துணியில் சரியாகப் பொருந்திய கலவை சட்டையில் சற்று ஆழமாகத் தெரியலாம். சட்டைக்குப் போகும்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணிக்கென்றே விற்கும் மார்க்கர் பேனாவைக் கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ள உதவும். அதன் நிறம் நூலின் மேலேயே உட்காருவதால் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு வேறாகத் தெரியும், துவைக்கத் துவைக்க மங்கும். மார்க்கர் போட்ட இடத்தில் பிறகு சாயமும் சரியாக ஏறாது. சாயம் போடும் எண்ணமிருந்தால் மார்க்கரை நாடாதீர்கள்.

முழுச் சட்டையையும் சாயத்தில் நனைப்பது

சாயத் தொட்டி எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் நிறத்தைக் கூட்டும். சட்டை ஏற்கெனவே பத்துப் படி ஆழத்தில் இருக்கிறது, பொட்டு மூன்று படியில் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஐந்து படி சேர்த்தால் ஒன்று பதினைந்தாகும், இன்னொன்று எட்டாகும். பொட்டு அப்போதும் பொட்டாகவே தெரியும். கருநீலச் சட்டையைக் கருநீலத்தில் நனைத்து ஏமாந்தவர்கள் பலர். இந்த வழி பலன் தருவது கறுப்பில். கறுப்பு ஓர் அளவைத் தாண்டினால் அதற்கு மேல் ஆழம் கூடினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. அப்போதும் பொட்டுகளை முதலில் மேலே சொன்னபடி தடவி இருட்டாக்கிவிட்டு, பிறகு நனைப்பதே பாதுகாப்பு.

அரைக்கைச் சட்டை ஒன்று சுமார் 250 கிராம் இருக்கும். அதற்கு ஐந்து லிட்டர் தண்ணீர், 250 கிராம் உப்பு, 100 கிராம் சலவை சோடாத் தூள், 15 கிராம் கறுப்பு ரியாக்டிவ் சாயம். தூளுக்குப் பதில் படிகமாக உள்ள சலவை சோடா கிடைத்தால் சுமார் 270 கிராம் தேவைப்படும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சட்டையை முதலில் முழுக்க நனைத்துக்கொண்டு, சாயமும் உப்பும் கரைந்த தண்ணீரில் இறக்கி, விடாமல் புரட்டியபடி இருபது நிமிடம் வையுங்கள். நீங்கள் நம்பியிருந்த உப்புக்கு வேலை வருவது இங்கேதான். போன நிறத்தை அது கொண்டுவராது. தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளும். பிறகு சட்டையை வெளியே எடுத்துவிட்டு, தனியாகக் கரைத்த சோடாவை ஊற்றிக் கலக்கி, மறுபடி இறக்கி ஒரு மணி நேரம் புரட்டுங்கள். சோடாவைத் துணியின் மேல் நேராக ஊற்றினால் அந்த இடம் திட்டாகிவிடும். கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் பலமுறை அலசி, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் குறைவான சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். இந்தக் கடைசி அலசலில் சோம்பினால் சட்டை போட்டுக்கொள்ளும்போது கழுத்தில் கறுப்பு ஒட்டும்.

சாயப் பொடி காற்றில் பறக்கும், தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரும். பொடியை அளக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரம் பிறகு சமையலறைக்குள் போகக் கூடாது.

தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் அது கருநீலமாகவே நிற்கும். கறுப்புச் சட்டையில் அது உறுத்தாது. ஆனால் அக்கா உங்களுக்காகத் தேர்ந்தெடுத்த கருநீலம் போய்விடும். அது உங்களுக்குச் சம்மதமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தையலால் மறைப்பது

பொட்டுகள் கைப்பக்கம் அல்லது முதுகில் இருந்திருந்தால் நான் இதோடு முடித்திருப்பேன். உங்களுக்கு அவை பையை ஒட்டியே விழுந்திருக்கின்றன. அதனால் துணி வலுவாக இருந்தாலும் இந்த வழியைத்தான் முதலில் யோசிப்பேன். ஒரு காகிதத்தைப் பையின் வடிவில் வெட்டி, இப்போதைய பையின் மேல் விளிம்பிலிருந்து ஐந்து பொட்டுகளும் மறையும்வரை நீட்டிப் பாருங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம் கூடினால் போதுமென்றால், பழைய பையைப் பிரித்து அதே இடத்தில் பெரிய பையை வைத்துவிடலாம். சட்டையின் நிறம் துளியும் மாறாது.

மிச்சத் துணியை வெட்டும் முன் நாலைந்து முறை சட்டையோடு சேர்த்துத் துவைத்து, இரண்டையும் ஒரே கொடியில் காயவையுங்கள். புதுத் துணி சுருங்கும், ஆழ்ந்த நீலமும் சற்று இறங்கும். அதற்கு முன்பே தைத்தால் பை மட்டும் புதிதாகத் தெரியும், பிறகு சுருங்கி முன்பக்கத்தை இழுக்கும். நெட்டு நூல் சட்டையின் நெட்டு நூலோடு ஒரே திசையில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். திசை மாறினால் அதே நிறம்கூட வேறாக மின்னும். இழுத்துப் பார்த்ததில் ஏதாவது பொட்டு மெலிந்திருந்தால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணியைப் பின்பக்கம் ஒட்டிவிட்டுத்தான் பை வைக்க வேண்டும். இல்லையென்றால் பைக்குப் பின்னால் ஓட்டை வளரும்.

பழைய பையைப் பிரித்தால் தையல் துளைகள் வரிசையாகத் தெரியும், அதன் அடியில் இருந்த துணி வெளுக்காமல் ஆழ்ந்த நீலமாகவே இருக்கும். புதுப் பை அந்த இடத்தையும் முழுதாக மூட வேண்டும். அகலத்தை அரை சென்டிமீட்டராவது கூட்டுங்கள். இதைக் கணக்கிட அக்காவைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார், அவர் தைத்த சட்டை அது. போகும்போது துவைத்த மிச்சத் துணியையும் அந்தக் காகித அச்சையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.